கடனும் கழிவும்

2001ஆம் ஆண்டில் வீட்டுக் கடன் வாங்கிய ஒரு மாதச் சம்பளக்காரருக்கு, அவர் கட்டிய தவணையில் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு வருமான வரிக் குறைப்பாகத் திரும்பி வந்தது. இன்று அதே படிநிலையில் இருப்பவர் கடன் வாங்கி வீடு வாங்கினால், அவருக்கு வரியில் அநேகமாக ஒன்றும் குறைவதில்லை. ஆனாலும் இன்றைய மனிதர் நஷ்டப்பட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அவர் கட்டும் மொத்த வரி குறைந்துதான் இருக்கிறது. குறைந்தது அவர் வீடு வாங்கியதற்காக அல்ல என்பதுதான் வேறுபாடு. கால் நூற்றாண்டில் நடந்த மாற்றம் அவ்வளவையும் இந்த ஒரு வேறுபாட்டுக்குள் அடக்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

கதை இன்னும் கொஞ்சம் முன்னால் தொடங்குகிறது. எண்பதுகளின் நடுப்பகுதி வரை, சொந்த வீட்டில் குடியிருப்பதே வருமானமாகக் கருதப்பட்டது. அந்த வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று ஒரு தொகையைக் கற்பித்து, அதில் சலுகையாகக் கொஞ்சம் கழித்து, மீதியைச் சம்பளத்தோடு சேர்த்து வரி போட்டார்கள். வீடு இருப்பவன் வாடகை கொடுக்காமல் தப்பிக்கிறான், அந்த மிச்சமும் ஒரு வருமானமே என்பது பொருளாதாரப் பாடத்தின்படி சரியான வாதம். ஆனால் கையில் வராத காசுக்கு வரி கட்டச் சொன்னால் யாருக்கும் மனம் ஒப்பாது. பிறகு சட்டம் மாறியது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் ஆண்டு மதிப்பு பூஜ்யம் என்றாயிற்று. அதோடு, கடன் வாங்கிக் கட்டியிருந்தால் வட்டியில் 5,000 ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றும் வந்தது. வருமானமே இல்லாத ஓர் இனத்தில் செலவைக் கழிக்க இடம் தருவது வரிச் சட்டத்தின் வழக்கமான தர்க்கத்துக்குப் புறம்பானது. வீடு கட்டுகிறவனுக்குக் கைகொடுக்க வேண்டும் என்ற நோக்கம் இல்லாவிட்டால் அந்த 5,000க்குச் சட்டத்தில் இடமே இருந்திருக்காது.

அந்த வரம்பு மெல்ல ஏறி, 1999க்கு முன் 30,000 ரூபாயில் நின்றது. அதன் பிறகு நடந்தது பாய்ச்சல். யஷ்வந்த் சின்ஹா நிதியமைச்சராக இருந்து போட்ட மூன்று பட்ஜெட்டுகளில், 1999இல் 75,000, 2000இல் ஒரு லட்சம், 2001இல் ஒன்றரை லட்சம் என்று அந்த எண் உயர்ந்தது. ஆண்டுக்கு 20 லட்சம் வீடுகள் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று அப்போதைய அரசு இலக்கு வைத்திருந்தது. அரசே கட்டிக் கொடுத்து அந்த இலக்கை எட்ட முடியாது என்பதும் அதற்குத் தெரிந்திருந்தது. வீடு எழும்பினால் சிமென்ட் விற்கும், கம்பி விற்கும், கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் தச்சருக்கும் வேலை கிடைக்கும். ஆகவே கட்டும் பொறுப்பைச் சம்பளக்காரரிடம் கொடுத்து, கடன் தரும் பொறுப்பை வங்கிகளிடம் கொடுத்து, தூண்டுகோலாக வரிக் கழிவை வைத்தது.

அந்தத் தூண்டுகோல் எவ்வளவு வலுவானது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 2001இல் மற்றக் கழிவுகள் எல்லாம் போக வரிக்குரிய வருமானம் மூன்று லட்சம் ரூபாய் உள்ள ஒருவர், எட்டு லட்சம் ரூபாயை 20 ஆண்டுத் தவணையில் 12 சதவீத வட்டிக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 8,810 ரூபாய். முதல் ஆண்டில் அவர் கட்டுவது மொத்தம் 1,05,700. இதில் வட்டிக்குப் போவது 95,400. அசலில் குறைவது வெறும் 10,300. கடன் வாங்கிய முதல் சில ஆண்டுகளில் தவணை கட்டக் கட்ட அசல் குறையவே காணோமே என்று எல்லோரும் மலைப்பது இந்த இடத்தில்தான்.

அந்த 95,400 முழுவதும் ஒன்றரை லட்சம் வரம்புக்குள் அடங்கிவிட்டது. அன்று ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 30 சதவீத வரி. அதனால் வட்டிக் கழிவால் மட்டும் 28,600 ரூபாய் மிச்சம். அசலுக்குக் கிடைத்தது வேறு வகைச் சலுகை. 88ஆம் பிரிவின் கீழ், 20,000 ரூபாய் வரையிலான அசலில் 20 சதவீதத்தை வரியிலேயே நேராகத் தள்ளுபடி செய்தார்கள். அது சுமார் 2,050. இரண்டும் சேர்ந்து 30,650 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால், 8,810 ரூபாய்த் தவணையில் 2,550 ரூபாயை அரசு கட்டியது போல ஆகும். வட்டியை மட்டும் எடுத்துக்கொண்டால், 12 சதவீதக் கடன் உண்மையில் 8.4 சதவீதத்துக்குக் கிடைத்தது. வாடகை கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் சொந்த வீடு என்று கடன் முகவர்கள் சொன்னதை அன்று நம்பியவர்கள் ஏமாறவில்லை. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வட்டி விகிதமும் எட்டு சதவீதத்தை ஒட்டி இறங்கியபோது, அவர்கள் நிலை இன்னும் நன்றாயிற்று.

ஜனவரி பிறந்தால் அலுவலகங்களில் வருமான வரிப் படிவம் நிரப்பும் வேலை தொடங்கிவிடும். வங்கியிலிருந்து வட்டி இவ்வளவு, அசல் இவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஒரு தாளை வாங்கி வர வேண்டும். மார்ச் வரை கட்டப்போவதையும் சேர்த்துக் கணித்த தற்காலிகச் சான்றிதழ் அது. அது சம்பளப் பிரிவுக்கு வந்து சேராவிட்டால் பிப்ரவரிச் சம்பளத்தில் பெரும் பகுதி வரியாகப் பிடிக்கப்பட்டுவிடும். கடன் வாங்காத சக ஊழியர் அந்தத் தாளைப் பார்த்து, "நாமும் ஒரு வீட்டை வாங்கிப் போட்டிருக்கலாமே" என்று பெருமூச்சு விடுவது வழக்கம். வரிக் கழிவு எவ்வளவு பேரை வீடு வாங்க வைத்தது என்பதைத் துல்லியமாகப் பிரித்து அளப்பது கடினம். வட்டி இறங்கியது, சம்பளம் ஏறியது, வங்கிகள் தேடி வந்து கடன் கொடுத்தன. எல்லாமே ஒன்றாக நடந்தன. ஆனால் வீடு வாங்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் வரிப் படிவத்தையும் பக்கத்தில் வைத்தே பேசினார்கள் என்பதை, அந்தக் காலத்தில் மாதச் சம்பளம் வாங்கிய எவரும் மறுக்க மாட்டார்கள்.

அந்த ஏற்பாட்டில் ஒரு சாய்வு இருந்தது. அன்று அது பெரிதாகப் பேசப்படவில்லை. 30 சதவீத வரி கட்டுகிறவருக்கு நூறு ரூபாய் வட்டியில் முப்பது திரும்பியது. பத்து சதவீதப் படியில் இருந்தவருக்குப் பத்துதான். வரியே கட்டாத சிறு கடைக்காரருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும், கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கத்தில் கடன் வாங்கி ஓட்டு வீடு கட்டியவருக்கும் ஒன்றுமில்லை. வீட்டின் தேவை யாருக்கு அதிகமோ அவருக்குக் குறைவாகவும், யாருக்குக் குறைவோ அவருக்கு அதிகமாகவும் சலுகை போய்ச் சேர்ந்தது. கழிவு என்ற வடிவத்திலேயே உள்ள குறை இது. வரம்பை உயர்த்தியோ தாழ்த்தியோ இதைச் சரிசெய்ய முடியாது.

2005இல் ப. சிதம்பரத்தின் பட்ஜெட் 88ஆம் பிரிவை எடுத்துவிட்டு 80சி பிரிவைக் கொண்டுவந்தது. அசல், வரித் தள்ளுபடி என்ற நிலையிலிருந்து வருமானக் கழிவு என்ற நிலைக்கு மாறியது. மொத்த வரம்பு ஒரு லட்சம். 2014இலிருந்து ஒன்றரை லட்சம். கேட்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் அந்த ஒன்றரை லட்சம் வீட்டுக்கு மட்டும் ஒதுக்கிய தொகை அல்ல. வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீட்டு பிரீமியம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், செல்வமகள் சேமிப்பு எல்லாமே அதற்குள்தான். நல்ல சம்பளக்காரருக்கு வைப்பு நிதிப் பிடித்தமே ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். அதன் பிறகு அசலுக்கு மிஞ்சுவது ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. பத்திரப் பதிவுக்கும் முத்திரைத்தாளுக்கும் கட்டிய செலவையும் அந்த ஆண்டில் இதே கணக்கில் சேர்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. சேர்க்க இடம்தான் இருப்பதில்லை.

வட்டிக்கான வரம்பு 2014 ஜூலையில் அருண் ஜெட்லியின் முதல் பட்ஜெட்டில் இரண்டு லட்சம் ஆனது. அன்றிலிருந்து இன்றுவரை அதே இரண்டு லட்சம்தான். 2001இன் ஒன்றரை லட்சம், அன்றைய 12 சதவீத வட்டியில், பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க் கடனின் முதலாண்டு வட்டி முழுவதையும் தாங்கியது. ஒரு மாவட்டத் தலைநகரில் அந்தத் தொகைக்குத் தனி வீடே வாங்கலாம். இன்றைய இரண்டு லட்சம், எட்டரை சதவீத வட்டியில், 24 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான கடனின் வட்டியைத் தாங்கும். தாங்கும் கடன் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. இதே காலத்தில் சென்னையின் புறநகரிலோ கோவையிலோ மனை விலை எத்தனை மடங்கானது என்பது அங்கே விசாரித்தவர்களுக்குத் தெரியும்.

நடுவில் முதல் வீடு வாங்குகிறவர்களுக்கென்று தனிச் சன்னல்கள் சில திறந்து மூடப்பட்டன. 2013இல் 80இஇ என்ற பிரிவு, 25 லட்சத்துக்கு மேற்படாத கடனுக்குக் கூடுதலாக ஒரு லட்சம் வட்டிக் கழிவு தந்தது. 2016இல் அதுவே உருமாறி 50,000 ஆயிற்று. 2019இல் நிர்மலா சீதாராமன் கொண்டுவந்த 80இஇஏ, முத்திரைத்தாள் மதிப்பு 45 லட்சத்துக்குள் இருக்கும் முதல் வீட்டுக்கு மேலும் ஒன்றரை லட்சம் தந்தது. பழைய இரண்டு லட்சத்தோடு சேர்த்தால் மூன்றரை லட்சம் வட்டி. 2001க்குப் பிறகு வந்தவற்றில் நோக்கம் தெளிவாகத் தெரிந்த சலுகை என்று இதைத்தான் சொல்வேன். விலைக்கு வரம்பு இருந்தது, முதல் வீடு என்ற நிபந்தனை இருந்தது. இரண்டாவது, மூன்றாவது வீடு வாங்கி அடுக்குகிறவருக்கு இதில் இடமில்லை. ஆனால் 2022 மார்ச் 31க்குள் அனுமதிக்கப்பட்ட கடன்களோடு அந்தச் சன்னல் மூடிவிட்டது.

வாடகைக்கு விட்ட வீட்டின் கதை இதற்கு நேர்மாறு. அதற்கு வட்டி வரம்பே கிடையாது. 2017 வரை, வாடகையைவிட வட்டி எவ்வளவு அதிகமானாலும் அந்த நஷ்டம் முழுவதையும் சம்பளத்தில் கழித்துக்கொள்ள முடிந்தது. பெரிய சம்பளக்காரர்கள் இரண்டாவது வீட்டைக் கடனில் வாங்கிச் சிறு வாடகைக்கு விட்டு, லட்சக்கணக்கில் நஷ்டம் காட்டி வரியைக் குறைத்தார்கள். சட்டத்தை மீறி அல்ல, சட்டப்படியே. 2017 பட்ஜெட் இப்படி மற்ற வருமானத்தில் கழிக்கும் நஷ்டத்தை ஆண்டுக்கு இரண்டு லட்சமாகக் கட்டுப்படுத்தியது. மிச்சத்தை எட்டு ஆண்டு வரை முன்னெடுத்துச் செல்லலாம் என்றாலும், பின்னால் வரும் வீட்டு வருமானத்தில் மட்டுமே கழிக்க முடியும். இது நியாயமான திருத்தம் என்றே எனக்குப் படுகிறது.

காகிதத்தில் இருக்கும் சலுகை கைக்கு வராமல் போவது பெரும்பாலும் அடுக்குமாடிக் குடியிருப்பு விஷயத்தில். கட்டி முடித்துச் சாவி கைக்கு வரும்வரை வட்டிக் கழிவும் இல்லை, அசல் கழிவும் இல்லை. கட்டுமானக் காலத்தில் கட்டிய வட்டியைச் சேர்த்துவைத்து, வீடு முடிந்த ஆண்டு தொடங்கி ஐந்து சம பாகமாகக் கழிக்கலாம். ஆனால் அந்த ஐந்தில் ஒரு பாகமும் நடப்பாண்டு வட்டியும் சேர்ந்து இரண்டு லட்சத்தைத் தாண்டக் கூடாது. அன்றைய எட்டு லட்சக் கடனில் கட்டுமானக் கால வட்டி 1,20,000 என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 24,000. நடப்பு வட்டியோடு சேர்த்தாலும் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள் அடங்கி, முழுதும் கிடைத்தது. இன்றைய 50 லட்சக் கடனில் நடப்பு வட்டி மட்டுமே நான்கு லட்சத்துக்கு மேல். கட்டுமானக் காலத்தில் ஆறு லட்சம் கட்டியிருந்தாலும் அது கணக்கில் ஏற வழியில்லை. சட்டப்படி உரிமை உண்டு, எண்ணிக்கைப்படி மதிப்பு பூஜ்யம்.

பில்டர் காலம் கடத்தினால் இன்னும் மோசம். கடன் வாங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து மூன்று ஆண்டுக்குள் கட்டி முடிக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2016இல் அதை ஐந்து ஆண்டாக நீட்டினார்கள். அதற்குள் முடியாவிட்டால் இரண்டு லட்சம் என்ற வரம்பு பழைய 30,000க்குத் திரும்பிவிடும், அதுவும் கடன் தீரும்வரை. தவறு செய்தவர் ஒருவர், வரி கூடுதலாகக் கட்டுகிறவர் வேறொருவர். இருபத்தைந்து ஆண்டில் இந்த விதியின் கூர்மை குறைந்திருக்கிறதே தவிர மறையவில்லை. அதேபோல, சாவி வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் வீட்டை விற்றால், அசலுக்காக அதுவரை பெற்ற 80சி கழிவு முழுவதும் விற்ற ஆண்டின் வருமானமாகச் சேர்ந்துவிடும். வேலை மாற்றலாகி நான்காம் ஆண்டில் விற்றவர்கள் பலர், ஆடிட்டர் சொல்லித்தான் இதை முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள்.

இவையெல்லாம் பழைய முறை என்று இன்று அழைக்கப்படும் ஏற்பாட்டுக்குள் நடந்த மாற்றங்கள். பெரிய மாற்றம் 2020இல் வந்தது. கழிவுகளைக் கைவிடுகிறவருக்குக் குறைந்த வரி என்ற புதிய முறை அந்த ஆண்டு விருப்பத் தேர்வாக அறிமுகமானது. தொடக்கத்தில் அதைச் சீந்துவார் குறைவு. 2023இல் அதுவே இயல்பு முறை ஆக்கப்பட்டது. பழையது வேண்டும் என்கிறவர்தான் இனி வாய் திறந்து கேட்க வேண்டும். 2025 பட்ஜெட்டில் அதன் படிகள் மேலும் தளர்த்தப்பட்டன. நிலையான கழிவு 75,000. வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை வரி இல்லை. குடியிருக்கும் வீட்டுக்கான வட்டிக் கழிவுக்கோ 80சிக்கோ இந்த முறையில் இடமே கிடையாது.

இனி இன்றைய கணக்கு. ஆண்டுச் சம்பளம் 18 லட்சம் உள்ள ஒருவர், 50 லட்சம் ரூபாயை 20 ஆண்டுக்கு எட்டரை சதவீதத்தில் வாங்குகிறார். மாதத் தவணை 43,400 ரூபாயை ஒட்டி வரும். முதல் ஆண்டில் கட்டும் 5,20,700இல் வட்டி 4,21,200. பழைய முறையில் அவர் கழிக்கக்கூடியது இதில் இரண்டு லட்சம் மட்டுமே. அதனால் மிச்சமாகும் வரி, நான்கு சதவீத செஸ் உட்பட, 62,400. அன்றைய மனிதருக்கு நூறு ரூபாய்த் தவணையில் 29 ரூபாய் திரும்பியது. இவருக்கு 12 ரூபாய்.

ஆனால் இவர் அந்த 12 ரூபாயையும் விட்டுக்கொடுப்பதே லாபம். பழைய முறையில் நிலையான கழிவு 50,000, வட்டி இரண்டு லட்சம், 80சி ஒன்றரை லட்சம் எல்லாம் போக 14 லட்சத்துக்கு வரி 2,41,800. புதிய முறையில் 75,000 மட்டும் கழித்து 17,25,000க்கு வரி 1,50,800. வீட்டுக் கடனை முழுக்கக் காட்டிக் கட்டும் வரியைவிட, காட்டாமல் கட்டும் வரி 91,000 ரூபாய் குறைவு. அதே தெருவில் அதே சம்பளம் வாங்கி வாடகைக்குக் குடியிருப்பவரும் புதிய முறையில் அதே 1,50,800தான் கட்டுவார். இருவரையும் வேறுபடுத்திப் பார்க்க வரிச் சட்டத்துக்கு இனி எந்தக் காரணமும் இல்லை.

கணவனும் மனைவியும் கூட்டாக வாங்கினால் ஆளுக்கு இரண்டு லட்சம் கழிக்கலாமே என்ற வழி பழைய முறையில் நன்றாகப் பயன்பட்டது. பத்திரத்திலும் இருவர் பெயர், கடனிலும் இருவர் பெயர் இருந்தால் போதும். இன்று ஆளுக்குப் பத்து லட்சம் சம்பளம் வாங்கும் தம்பதிக்குப் புதிய முறையில் வரியே கிடையாது. கழிக்க வட்டி இருக்கிறது, எதிலிருந்து கழிப்பது?

பழைய முறை இன்னும் யாருக்குப் பயன்படும் என்று தேடினால் ஒருவரைக் கண்டுபிடிக்கலாம். மதுரையில் கடனில் வீடு கட்டிவிட்டு, வேலைக்காகச் சென்னையில் வாடகைக்குக் குடியிருப்பவர் அவர். பழைய முறையில் அவர் வீட்டு வாடகைப்படிக்கும் விலக்கு பெறலாம், மதுரை வீட்டின் வட்டியையும் கழிக்கலாம். அதே 18 லட்சம் சம்பளத்தில் வாடகைப்படி விலக்கு மூன்று லட்சம் என்றால், அவருக்குப் பழைய முறை வரி 1,48,200. புதியதைவிட 2,600 ரூபாய் குறைவு. அந்தச் சிறு தொகைக்காக வாடகை ரசீதும் வங்கிச் சான்றிதழும் பிரீமியம் ரசீதும் சேர்த்துவைக்க வேண்டும். சொந்த வீட்டில் குடியிருக்க ஊக்கம் தருவதற்கென்று உருவான கழிவு, கடைசியில் சொந்த வீட்டில் குடியிருக்க முடியாதவருக்கு மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது.

புதிய முறையிலும் ஒரு வகை வட்டிக்கு இடம் உண்டு. வாடகைக்கு விட்ட வீடாக இருந்தால், வந்த வாடகை அளவுக்கு வட்டியைக் கழிக்கலாம். மாதம் 20,000 வாடகை என்றால் ஆண்டுக்கு 2,40,000. அதில் பராமரிப்புக்கென்று சட்டம் தரும் 30 சதவீதம் போக, மீதி 1,68,000 வரை வட்டி கழியும். அதற்கு மேற்பட்ட நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வரி வருகிற வருமானத்துக்கு எதிராகச் செலவைக் கழிப்பது என்ற வழக்கமான தர்க்கம் இங்கே மீண்டுவிட்டது. தர்க்கத்தில் குறை காண முடியாது. விளைவைப் பார்த்தால், வீட்டை வாடகைக்கு விடுகிறவருக்கு வட்டி செலவாகிறது, அதில் வாழ்கிறவருக்கு ஆவதில்லை.

பெற்றதையும் இழந்ததையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வரியை மிச்சம் பிடிப்பதற்காகவே தாங்க முடியாத கடனில் இறங்கும் அவசரம் இப்போது குறைந்திருக்கிறது. வேலைக்காக ஊர் ஊராகப் போகும் இளைஞர் வாடகை வீட்டில் இருப்பதால் வரியில் பின்தங்குவதில்லை. சலுகையின் சாய்வைப் பற்றிச் சொன்னேன். அதுவும் ஓரளவு நிமிர்ந்திருக்கிறது. சொந்த வீட்டை ஊக்குவிக்கும் நோக்கத்தை அரசு கைவிடவில்லை, வரிப் படிவத்திலிருந்து எடுத்து மானியத்துக்கு மாற்றியிருக்கிறது. 2024இல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் ஒன்பது லட்சத்துக்குள் உள்ள, நாட்டில் எங்கும் சொந்தமாகக் கல் வீடு இல்லாத குடும்பம், 35 லட்சத்துக்கு மேற்படாத வீட்டை 25 லட்சத்துக்கு மேற்படாத கடனில் வாங்கினால், முதல் எட்டு லட்சத்துக்கு நான்கு சதவீத வட்டி மானியம் உண்டு. அதிகபட்சம் 1,80,000 ரூபாய், ஐந்து ஆண்டுத் தவணையாகக் கடன் கணக்கிலேயே வரவாகும். வரி கட்டாதவருக்கும் இது கிடைக்கும் என்பதே இதன் சிறப்பு. 2001இன் கழிவு ஒருநாளும் எட்டாத வீட்டுக்கு இது எட்டும்.

இழப்பு நடுவில் இருப்பவருக்கு. குடும்ப வருமானம் ஒன்பது லட்சத்தைத் தாண்டிய ஓர் ஆசிரியர் தம்பதிக்கு மானியம் இல்லை, கழிவும் இல்லை. அவர்கள் கையில் மீதமாகும் வரி உண்மைதான், ஆனால் அது வீட்டுக்கு என்று ஒதுங்கி நிற்பதில்லை. அன்றைய 2,550 ரூபாய், வீடு வாங்கினால் மட்டுமே கிடைத்தது. அதனால் அது வீட்டுக்கே போனது. இன்றைய மிச்சம் வண்டிக்கும் போகலாம், பிள்ளையின் கல்லூரிக்கும் போகலாம், பங்குச் சந்தைக்கும் போகலாம். சுதந்திரம் என்று இதை மதிக்கிறேன். ஆனால் முதல் வீடு வாங்கத் தயங்கி நிற்கும் ஒரு முப்பது வயதுக்காரரை முன்னே தள்ளிவிட்ட அந்தச் சிறு விசை இப்போது எதிலும் இல்லை என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை. 80இஇஏ போல, விலைக்கும் முதல் வீட்டுக்கும் வரம்பு கட்டிய ஒரு சலுகையைப் புதிய முறைக்குள்ளேயே வைத்திருக்க முடியும். அப்படிச் செய்யாதது கொள்கைத் தேர்வு, இயலாமை அல்ல.

1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. அதிலும் இந்தக் கழிவுகள் வேறு எண்களில் தொடர்கின்றன. இரண்டு லட்சம் இரண்டு லட்சமாகவே நிற்கிறது. 80இஇஏ சன்னல் மூடுவதற்கு முன் கடன் பெற்றவர்கள் கடன் தீரும்வரை அந்தக் கூடுதல் ஒன்றரை லட்சத்தைக் கோரலாம். 2022இல் 20 ஆண்டுத் தவணைக்கு வாங்கியவருக்கு அந்த உரிமை 2042 வரை உண்டு. மேலே சொன்ன 18 லட்சம் சம்பளக்காரர் அவர்களில் ஒருவராக இருந்து, மூன்றரை லட்சம் வட்டியை முழுக்கக் காட்டினால் பழைய முறையில் வரி 1,95,000. எதையும் காட்டாமல் புதிய முறையில் கட்டினால், முன்பு பார்த்த அதே 1,50,800.